மண்ணெண்ணெய் ஏறினால் மீன் எவ்வளவு ஏறும்? கேள்வி–நிரம்பல் கட்டுரையை வரைபடத்தோடு எழுதும் முறை

உயர்தரத்தில் பொருளியலைப் புதிதாக எடுத்தவர்களின் விடைத்தாள்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். "விலை கூடியதால் கேள்வி குறைந்தது, கேள்வி குறைந்ததால் விலை குறைந்தது, விலை குறைந்ததால் கேள்வி கூடியது." இப்படி எழுதத் தொடங்கினால் நிறுத்த இடமே கிடைக்காது. பக்கம் நிறையும், ஆனால் சந்தை எங்கே போய் நின்றது என்பது எழுதியவருக்கே தெரியாது.

கேள்வி–நிரம்பல் கட்டுரை என்பது ஒரு நிகழ்வில் தொடங்கி ஒரு புதிய சமநிலையில் முடியும் ஒற்றைச் சங்கிலி. நிகழ்வு ஒரு வளையியை நகர்த்துகிறது. பழைய விலையில் ஒரு பற்றாக்குறையோ மிகையோ உண்டாகிறது. விலை அசைகிறது. மற்ற வளையியின் வழியே மக்கள் தம் அளவை மாற்றுகிறார்கள். சந்தை நிற்கிறது. வரைபடமும் எழுத்தும் இந்த ஒரே சங்கிலியைச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு உதாரணத்தை முழுமையாக எடுத்துப் பார்ப்போம். பாடநூல் உதாரணங்களில் வரும் அப்பிள், காரை விட நம் பக்கத்துச் சந்தை நல்லது. முல்லைத்தீவுக் கடலில் பிடிபட்டு, புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் விற்கப்படும் மீனை எடுத்துக்கொள்கிறேன்.

நிகழ்வு இது. 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறு பைபர் படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. ஆக வினாவை இப்படி வைக்கலாம்: "மண்ணெண்ணெய் விலை உயர்வு உள்ளூர் மீன் சந்தையின் சமநிலையை எவ்வாறு மாற்றும்? பெயரிட்ட வரைபடத்தின் உதவியுடன் விளக்குக."

முதலில் சந்தையைக் கட்டி வையுங்கள்

பேனையை எடுத்தவுடன் படம் வரையாதீர்கள். எந்தப் பண்டம், எந்த இடம், எவ்வளவு காலம் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். "முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிடிக்கப்படும் பாரை மீனின் சந்தை, சில வாரங்களின் சராசரி நாள் ஒன்றுக்கு." இது போதும்.

காலத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். மீன் விடயத்தில் அது மிக முக்கியம். ஒரு நாள் காலையில் படகுகள் கரைக்கு வந்த பின், அன்றைய மீன் அவ்வளவுதான். விலை இரண்டு மடங்கு ஆனாலும் அந்த வேளையில் இன்னொரு கிலோ வராது. பாதியானாலும் ஐஸ் பெட்டியில் நெடுநாள் வைத்திருக்க முடியாது, விற்றுத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு காலைக்கு நிரம்பல் வளையி ஏறத்தாழ நிலைக்குத்தாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெய் விலை ஏறியதன் விளைவு அன்றைய ஏலத்தில் தெரியாது. அடுத்தடுத்த நாட்களில் எத்தனை படகு கடலுக்குப் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் தெரியும். அதனால்தான் சில வாரங்களின் சராசரியை எடுக்கிறோம். இந்த ஒரு வரியைக் கட்டுரையில் எழுதியவர் சந்தையை உண்மையில் யோசித்திருக்கிறார் என்பது வாசிப்பவருக்கு உடனே புரியும்.

எந்த வளையி நகர்கிறது?

இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். மீனின் விலை அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அதே விலையில், இந்த நிகழ்வுக்குப் பின் யார் தம் முடிவை மாற்றுவார்? வாங்குபவர் என்றால் கேள்வி வளையி நகர்கிறது. விற்பவர் என்றால் நிரம்பல் வளையி நகர்கிறது.

கிலோ 1,000 ரூபா என்ற அதே விலையில், சந்தைக்கு வரும் குடும்பம் மண்ணெண்ணெய் ஏறிவிட்டதே என்பதற்காகக் குறைவாக மீன் வாங்காது. (விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெய் வாங்கும் வீடுகளின் கதை வேறு. அதற்குப் பிறகு வருவோம்.) ஆனால் படகுக்காரர் மாறுவார். அதே 1,000 ரூபாவுக்கு மீனைக் கொடுப்பதற்காக அவ்வளவு எண்ணெய் எரிக்க அவருக்குக் கட்டாது. ஆகவே நகர்வது நிரம்பல் வளையி மட்டும். காரணம் உள்ளீட்டு விலை உயர்வு, அதாவது உற்பத்திச் செலவு அதிகரிப்பு.

அடுத்தது, எந்தப் பக்கம்? ஒவ்வொரு விலையிலும் முன்பை விடக் குறைந்த தொகை வழங்கப்படுவதால் வளையி இடப்பக்கம் நகர்கிறது. இதில் ஒரு மயக்கம் உண்டு. நிரம்பல் வளையி வலப்புறம் மேல்நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் நகர்த்திய வளையி கண்ணுக்கு மேலே ஏறியது போலத் தெரியும். "வளையி மேலே போயிருக்கிறது, ஆகவே நிரம்பல் கூடியிருக்கிறது" என்று எழுதுபவர்கள் பலர். வளையியின் நகர்வை எப்போதும் கிடையாக, இடம் வலமாகவே வாசியுங்கள். ஒரு விலையில் கிடைக்கோடு ஒன்றை இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு புதிய வளையியை முதலில் சந்தித்தால் தொகை குறைந்திருக்கிறது.

நகர்வை நிலைக்குத்தாகவும் வாசிக்கலாம், ஆனால் அதன் பொருள் வேறு. அதே தொகையைக் கொண்டுவருவதற்கு விற்பவர் இப்போது ஒரு கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்பதை அது சொல்லும். நம் உதாரணத்தில் இதைக் கணக்கிடலாம். பயிற்சிக்காக, ஒரு படகு ஒரு தடவை 20 லீற்றர் எரித்து 25 கிலோ மீன் கொண்டுவருகிறது என்று எடுகோள் வைப்போம். லீற்றருக்கு 253 ரூபா கூடியிருக்கிறது. 20 லீற்றருக்கு 5,060 ரூபா. அதை 25 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 200 ரூபா. ஆக வளையி நிலைக்குத்தாக 200 ரூபா உயரத்துக்கு நகர்கிறது. எண்ணெய் விலை உண்மையானது. படகின் கணக்கும் கீழே வரும் சந்தைக் கணக்கும் நான் வரைவதற்காக வைத்தவை. உங்கள் கட்டுரையிலும் எது தரவு, எது எடுகோள் என்று இப்படிப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

படம் வரைதல்

பரீட்சையில் அளவுத்திட்டம் தேவையில்லை, வெறும் கோட்டுப்படம் போதும். ஆனால் முதல் தடவை வரைபுத்தாளில் எண்களோடு ஒருமுறை வரைந்து பார்க்கச் சொல்வேன். அதன் பிறகு கை தானாக வரும்.

எடுகோள் சந்தை இது. P என்பது கிலோவுக்கான விலை, Q என்பது நாளுக்கான கிலோ.

```
D  : Q = 1600 - P
S1 : Q = P - 400
S2 : Q = P - 600
```

நிலைக்குத்து அச்சை வரைந்து "விலை (ரூபா/கிலோ)" என்று எழுதுங்கள். கிடை அச்சில் "தொகை (கிலோ/நாள்)". அச்சுக்கு "P", "Q" என்று மட்டும் எழுதிவிட்டு அலகை விடுவது வழக்கமான குறை. எந்த நேரத்துக்கான தொகை என்று தெரியாத படம் எதையும் சொல்லாது. இரு அச்சிலும் ஒரு சென்ரிமீற்றருக்கு 100 என்று வைத்தால் 14 சென்ரிமீற்றர் உயரம், 8 சென்ரிமீற்றர் அகலம் போதும்.

கேள்வி வளையிக்கு இரண்டு புள்ளிகள்: விலை 1,400 ஆக இருக்கும்போது 200 கிலோ, விலை 800 ஆக இருக்கும்போது 800 கிலோ. இரண்டையும் அடிமட்டத்தால் இணைத்து, கோட்டின் கீழ் நுனியில் D என்று எழுதுங்கள். முதல் நிரம்பல் வளையிக்கு விலை 600 இல் 200 கிலோ, விலை 1,200 இல் 800 கிலோ. மேல் நுனியில் S1. இரண்டும் வெட்டும் புள்ளி E1. அங்கிருந்து இரு அச்சுக்கும் புள்ளிக்கோடு இழுங்கள். விலை அச்சில் P1 = 1,000, தொகை அச்சில் Q1 = 600.

இப்போது S2. விலை 800 இல் 200 கிலோ, விலை 1,400 இல் 800 கிலோ. S1 க்குச் சமாந்தரமாக அதன் இடப்பக்கத்தில் வரும். D யை அது வெட்டும் இடம் E2. புள்ளிக்கோடு இழுத்தால் P2 = 1,100, Q2 = 500. கடைசியாக, S1 இலிருந்து S2 ஐ நோக்கி இடப்பக்கமாக ஒரு சிறு அம்புக்குறி. அந்த அம்பு இல்லாத படத்தில் எந்த வளையி முதலில் இருந்தது என்பதை வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

படத்துக்குத் தலைப்பு வேண்டும். "கேள்வி, நிரம்பல் வரைபடம்" என்ற தலைப்பு எந்தப் படத்துக்கும் பொருந்தும், ஆகவே பயனில்லை. "மண்ணெண்ணெய் விலை உயர்வின் பின் பாரை மீன் சந்தையின் சமநிலை மாற்றம்" என்று எழுதுங்கள். படத்தை ஆறு வரி உயரத்துக்குச் சிறிதாக வரையாதீர்கள். E1, E2 இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பெயரிட்டதே வீண். பென்சிலால் பாதிப் பக்கம் எடுத்து வரைந்தால் சரி.

படத்தை வாக்கியமாக்குதல்

பலருடைய கட்டுரையில் படம் சரியாக இருக்கும், எழுத்தும் பிழையில்லாமல் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடாது. E1 இலிருந்து E2 க்குச் சந்தை எப்படிப் போனது என்ற பகுதியையே பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "நிரம்பல் குறைந்ததால் விலை கூடியது" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். மதிப்பு இருப்பதோ அந்த இடைவழியில்தான்.

படத்தில் பழைய விலையான 1,000 இல் ஒரு கிடைக்கோடு இழுத்துப் பாருங்கள். அந்த விலையில் வாங்க விரும்பும் தொகை இன்னும் 600 கிலோ. புதிய நிரம்பல் வளையியில் விற்க விரும்பும் தொகை 400 கிலோ மட்டுமே. 200 கிலோ மிகைக் கேள்வி. கரையில் இது எப்படித் தெரியும்? ஏலத்தில் கூடைகள் குறைவு, வியாபாரிகள் அதே அளவு பேர். ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்பார்கள். ஏலவிலை ஏறும். விலை ஏறும்போது இரண்டு காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன. வாங்குவோர் சிலர் அளவைக் குறைக்கிறார்கள், வேறு சிலர் பருப்புக்கோ கருவாட்டுக்கோ போகிறார்கள். இது கேள்வி வளையியின் வழியே மேல்நோக்கிய அசைவு, 600 இலிருந்து 500 க்கு. அதே வேளையில் ஏறிய விலை சில படகுகளை மறுபடி கடலுக்கு அனுப்புகிறது. இது புதிய நிரம்பல் வளையி S2 இன் வழியே மேல்நோக்கிய அசைவு, 400 இலிருந்து 500 க்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் விலையை ஏற்ற யாருக்கும் காரணம் இல்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன முடிவில்லாத வட்டம் இங்கே அறுந்துபோகிறது. விலை கூடியபோது குறைந்தது கேள்வி அல்ல, கேள்வித் தொகை. கேள்வி என்பது முழு வளையி. அது அசையவே இல்லை. கேள்வித் தொகை என்பது அந்த வளையியில் ஒரு புள்ளி. அதேபோல எண்ணெய் விலையால் குறைந்தது நிரம்பல். பிறகு மீன் விலை ஏறியதால் கூடியது நிரம்பல் தொகை. எழுதி முடித்த பின் "கேள்வி", "நிரம்பல்" என்ற சொற்கள் வரும் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து, இது வளையியா புள்ளியா என்று கேளுங்கள். புள்ளி என்றால் "தொகை" என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

இந்தப் பகுதியைக் கட்டுரையில் எழுதும்போது ஏறத்தாழ இப்படி வரும்:

"ஏனைய காரணிகள் மாறாதிருக்க, உள்ளீடான மண்ணெண்ணெயின் விலை உயர்வு மீன்பிடியின் செலவை அதிகரிக்கும். இதனால் நிரம்பல் வளையி S1 இலிருந்து S2 க்கு இடப்பக்கமாக நகரும். ஆரம்ப விலையான 1,000 ரூபாவில் கேள்வித் தொகை 600 கிலோவாக இருக்க, நிரம்பல் தொகை 400 கிலோவாகக் குறைவதால் 200 கிலோ மிகைக் கேள்வி தோன்றும். வாங்குவோரிடையேயான போட்டியால் விலை உயரும். விலை உயர, கேள்வித் தொகை D வளையியின் வழியே குறையும், நிரம்பல் தொகை S2 வளையியின் வழியே கூடும். சந்தை E2 இல் புதிய சமநிலையை அடையும். சமநிலை விலை 1,100 ரூபாவாக உயர்ந்து, சமநிலைத் தொகை 500 கிலோவாகக் குறையும்."

பெரும்பாலான வாக்கியங்களில் படத்தில் உள்ள ஒரு பெயரோ எண்ணோ இருப்பதைக் கவனியுங்கள். படத்தில் பெயரிட்ட வளையிகளும் புதிய சமநிலையும் எழுத்தில் வருகின்றன. எழுத்தில் வரும் எண்கள் எல்லாம் படத்திலிருந்து வாசிக்கக்கூடியவை.

செலவு 200, விலை 100

செலவு கிலோவுக்கு 200 ரூபா ஏறியது. மீன் விலை 100 ரூபாதான் ஏறியது. மீதி 100 எங்கே போனது? கட்டுரைக்கு உயிர் கொடுக்கும் இடம் இது என்று நினைக்கிறேன். எங்கள் கரையோரக் குடும்பங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லும் இடமும் இதுவே.

முன்பு ஒரு கிலோவுக்கு 1,000 ரூபா கிடைத்தது. இப்போது 1,100 கிடைக்கிறது, ஆனால் அதிலிருந்து 200 கூடுதல் எண்ணெய்க்குப் போகிறது. கையில் நிற்பது 900. ஆகவே வாங்குபவர் 100 ரூபாவைச் சுமக்கிறார், படகுக்காரர் 100 ரூபாவைச் சுமக்கிறார். அதற்கு மேல், விற்கும் தொகையும் 600 இலிருந்து 500 ஆகிவிட்டது. "மீன் விலை ஏறிவிட்டது, மீனவருக்கு நல்ல காலம்" என்று யாராவது சொன்னால், இந்தப் படத்தை விரித்துக் காட்டலாம்.

சரி பாதியாகப் பிரிந்தது என் எண்களின் விளைவு. இரு வளையிகளுக்கும் ஒரே சரிவைக் கொடுத்திருக்கிறேன். பொதுவாக யார் எவ்வளவு சுமப்பார் என்பதை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது தொகை எவ்வளவு மாறுகிறது என்பது, தீர்மானிக்கும். மீனுக்குப் பதிலாக வேறொன்றும் எளிதில் கிடைக்காத சந்தையில் கேள்வி வளையி செங்குத்தாக இருக்கும். D க்கு Q = 1100 - P/2 என்று போட்டுப் பாருங்கள். ஆரம்ப சமநிலை அதே 1,000, அதே 600. புதிய சமநிலை விலையோ ஏறத்தாழ 1,133, தொகை 533. வாங்குபவர் 133 ரூபா சுமக்கிறார், படகுக்காரர் 67 ரூபா மட்டும். கேள்வி தட்டையாக இருந்தால் நிலைமை தலைகீழ்.

இன்னொரு நுணுக்கம். நந்திக்கடல் போன்ற களப்புகளில் எஞ்சின் இல்லாமல் தொழில் செய்வோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய செலவை மண்ணெண்ணெய் தொடவில்லை. கடல் மீன் விலை ஏறும்போது வாங்குவோர் களப்பு மீன் பக்கம் திரும்புவார்கள், ஏனெனில் இரண்டும் பிரதியீடுகள். களப்பு மீன் சந்தைக்கு வேறு படம் வரைந்தால், அதில் நகர்வது கேள்வி வளையி, வலப்பக்கமாக. அங்கே விலையும் கூடும், தொகையும் கூடும். ஒரே நிகழ்வு ஒரு சந்தையில் நிரம்பலையும் பக்கத்துச் சந்தையில் கேள்வியையும் நகர்த்துகிறது. இரண்டையும் ஒரே படத்தில் திணிக்க வேண்டாம். சந்தைக்கு ஒரு படம்.

இரண்டாவது வளையியும் நகர்ந்தால்

இதுவரை "ஏனைய காரணிகள் மாறாதிருக்க" என்ற எடுகோளின் நிழலில் இருந்தோம். 2022 இல் ஏனையவை மாறாமல் இருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சம்பளமும் கூலியும் அந்த வேகத்தில் ஏறவில்லை. விளக்குக்கும் அடுப்புக்கும் அதே மண்ணெண்ணெயை வாங்கிய வீடுகளில் மீனுக்கு ஒதுக்கக்கூடிய காசு இன்னும் சுருங்கியது. மெய் வருமானம் குறைய, சாதாரண பண்டமான மீனுக்கான கேள்வியும் குறையும். ஆக D இடப்பக்கம் நகர்கிறது.

வினா "வருமான வீழ்ச்சியையும் கருத்தில் கொள்க" என்று கேட்டால், அல்லது மதிப்பீட்டுப் பந்தியில் நீங்களே இதைக் கொண்டுவந்தால், முதலில் நிரம்பல் மாற்றத்தை முழுதாக முடியுங்கள். பிறகு E2 இலிருந்து இரண்டாவது மாற்றத்தைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் வாசிப்பவர் மட்டுமல்ல, எழுதுபவரும் தொலைந்துபோவார்.

D2 ஐ Q = 1400 - P என்று வையுங்கள். S2 உடன் அது வெட்டுவது விலை 1,000, தொகை 400. இதைக் கவனியுங்கள்: விலை முதலில் இருந்த 1,000 க்கே திரும்பி வந்துவிட்டது. விலையை மட்டும் பார்ப்பவர் சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுவார். தொகையோ 600 இலிருந்து 400 ஆகியிருக்கிறது. கேள்வி இவ்வளவு குறையாமல் Q = 1500 - P ஆக இருந்தால் விலை 1,050. இன்னும் கூடக் குறைந்து Q = 1300 - P ஆனால் விலை 950, ஆரம்ப விலையை விடவும் தாழ்வு. மூன்றிலும் தொகை ஆரம்பத்தை விடக் குறைவுதான்.

இதிலிருந்து எழுத வேண்டிய வாக்கியம்: "நிரம்பலும் கேள்வியும் ஒருங்கே குறையும்போது சமநிலைத் தொகை நிச்சயமாகக் குறையும். சமநிலை விலை எத்திசையில் மாறும் என்பது எந்த வளையி கூடுதலாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தது." "நிச்சயமாக" என்பதையும் "பொறுத்தது" என்பதையும் சரியான பக்கத்தில் போட்டீர்களா என்று பாருங்கள். மாணவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தை வரைந்து, அந்தப் படத்தில் தற்செயலாக விலை ஏறியிருந்தால் "விலை ஏறும்" என்று அறுதியாக எழுதிவிடுகிறார்கள். பென்சிலை இன்னும் ஒரு சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் விலை இறங்கியிருக்கும்.

எந்த ஒழுங்கில் எழுதுவது

வரையறைகளால் முதல் பக்கத்தை நிரப்ப வேண்டாம். கேள்வி விதி, நிரம்பல் விதி, தீர்மானிக்கும் காரணிகள் எல்லாம் என்று பட்டியலிடுவது பழக்கமாகிவிட்டது. வினா கேட்பது ஒரு காரணியை மட்டும். சமநிலைக்கு ஒரு வரி, நிரம்பல் மாற்றத்துக்கு ஒரு வரி, சந்தையும் காலமும் சொல்லும் ஒரு வரி. முதல் பந்தி அவ்வளவுதான். அடுத்து ஆரம்ப சமநிலையும் படமும். அதன் பின் மேலே காட்டிய சங்கிலிப் பந்தி. பிறகு யார் சுமக்கிறார் என்ற பந்தி. கடைசியில் எடுகோள்களின் எல்லை.

எல்லை என்றவுடன் "இது ஒரு கோட்பாடு மட்டுமே, நடைமுறையில் மாறலாம்" என்று எழுதி முடிக்காதீர்கள். அந்த வரி எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். எந்த எடுகோள், எப்படி உடைகிறது என்று சொல்லுங்கள். நம் உதாரணத்தில் வலுவான ஒன்று இருக்கிறது. 87 ரூபா என்பது எழுதப்பட்ட விலை. 2022 நடுப்பகுதியில் அந்த விலைக்கு மண்ணெண்ணெய் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. வரிசையில் நின்றும் வெறுங்கையோடு திரும்பி, படகைக் கரையில் இழுத்துவிட்டவர்கள் இருந்தார்கள். அப்படியானால் விலை உயர்வுக்கு முந்திய வாரங்களில் நிரம்பல் வளையி S1 இல் இருக்கவில்லை. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் அது ஏற்கெனவே இடப்பக்கம் போயிருந்தது. 340 ரூபாவுக்கு எண்ணெய் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கினால், சில படகுகளுக்கு அது முந்திய மாதத்தை விட மேலான நிலையாகவும் இருக்கலாம். ஆகவே நம் படம் ஒப்பிடுவது "87 ரூபாவுக்கு எண்ணெய் கிடைத்த காலத்தையும்" 340 ரூபா காலத்தையும்தான். ஜூலையையும் செப்ரெம்பரையும் அல்ல. இப்படி ஒரு பந்தி எழுதினால், உங்கள் படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவாகிவிடும்.

கொடுக்கும் முன் ஒரு சோதனை. படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, அதை வாசித்துப் படத்தை வரையச் சொல்லுங்கள். அவர் S2 ஐ வலப்பக்கம் போட்டால், அல்லது D யை நகர்த்தினால், எந்த வாக்கியம் அவரைத் திசைதிருப்பியது என்று கேட்டு அதைத் திருத்துங்கள்.

இனி நீங்களே செய்து பார்க்க ஒரு வினா: "கிளிநொச்சியில் காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் நெல்லின் சந்தை விலைக்கு என்ன நேரும்? இதே வேளையில் அரசு உத்தரவாத விலை ஒன்றை அறிவித்தால் படம் எப்படி மாறும்?" முதற்பகுதியில் நிரம்பல் வளையி வலப்பக்கம் நகரும், விலை இறங்கும், தொகை கூடும். இரண்டாம் பகுதியில் பலர் மறுபடியும் ஒரு வளையியை நகர்த்தப் போவார்கள். விலையை அறிவிப்பதால் மட்டும் எந்த வளையியும் நகராது. சமநிலை விலைக்கு மேலே ஒரு கிடைக்கோடு வரையுங்கள். அது S ஐயும் D ஐயும் தொடும் இரு புள்ளிகளுக்கு இடையிலான நீளம் மிகை நிரம்பல். அந்த நெல்லை நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்கினால்தான் அறிவித்த விலை நிற்கும். வாங்காவிட்டால் விவசாயி வீட்டு வாசலில் வந்து நிற்கும் வியாபாரியின் விலை சமநிலையை நோக்கி இறங்கும்.